கழுத்து ரஜ்ஜுவும் 25 ஆவணிகளும்

ஒவ்வொரு திருமண நாளுக்கும் என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, அவள் எழுந்திருக்கும் முன் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். இந்த ஆவணியோடு 25 ஆண்டு முடிகிறது. இந்த வருடக் கடிதத்துக்கு உட்கார்ந்தபோது பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நாற்பது பக்க நோட்டு. முன்பக்கத்தில் எங்கள் இருவர் ஜாதகக் கட்டம். பின்னால் பொருத்தப் பட்டியல். கடைசிப் பக்கத்தில், முகூர்த்தம் குறித்துக் கொடுத்த ஜோதிடர் பென்சிலால் எழுதிய பலன். அந்தப் பலனையும் நாங்கள் வாழ்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியதில் கடிதம் நீண்டுவிட்டது. அவள் படித்துவிட்டு, "இதை எனக்கு மட்டும் கொடுத்தா எப்படிங்க? ஜாதகத்தைப் பார்த்துட்டுப் பயந்துகிட்டு இருக்கற பிள்ளைங்க எவ்வளவு பேர் இருக்காங்க. பத்திரிகைக்கு எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறைப் பக்கம் கணக்கு வாத்தியார். 1971 ஆடியில் அஸ்த நட்சத்திரத்தில் பிறந்தவன். கன்னி ராசி, கடக லக்னம், ஏழாம் இடத்தில் செவ்வாய். அவள் 1975 ஆனியில் பிறந்தவள். ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, அவளுக்கும் ஏழில் செவ்வாய். தோஷ ஜாதகத்துக்குத் தோஷ ஜாதகம்தான் என்று தரகர் முடிவு கட்டி எங்களை இணைத்ததே அந்தச் செவ்வாயை வைத்துத்தான். பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. நாள் குறிக்க அப்பா எங்கள் குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் பெரியவரிடம் போனார். அவர் விரல் விட்டு எண்ணிவிட்டு நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். "கழுத்து ரஜ்ஜு. ரெண்டும் ஒரே கயிறு. பொண்ணு தங்காது."

ரஜ்ஜு என்றால் கயிறு. பத்துப் பொருத்தத்தில் மற்றவை எல்லாம் இருந்து இது ஒன்று இல்லாவிட்டாலும் பல ஜோதிடர்கள் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது தாலிக்கயிற்றோடு சம்பந்தப்பட்டது என்பது நம்பிக்கை. ஆனால் கணக்கிடும் முறை மிக எளிது. 27 நட்சத்திரங்களையும் ஒரு மனித உடம்பின்மேல் ஏற்றி இறக்கி எண்ண வேண்டும். அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை. தலைக்கு வந்ததும் இறங்க வேண்டும்: திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம். மகத்தில் மறுபடி பாதத்திலிருந்து ஏற ஆரம்பிக்கும். இப்படி மூன்று முறை ஏறி இறங்கினால் ரேவதியில் முடியும். பெண்ணும் பிள்ளையும் ஒரே உறுப்பில் விழுந்தால் ரஜ்ஜு தட்டுகிறது என்று பொருள். பாதத்தில் சேர்ந்தால் அலைச்சல், தொடையில் பண நஷ்டம், வயிற்றில் பிள்ளைகளுக்குத் தோஷம், தலையில் கணவனின் ஆயுளுக்குக் கேடு. கழுத்தில் சேர்ந்தால் மனைவியின் ஆயுளுக்கு. ரோகிணி நான்காவது நட்சத்திரம், ஏறுமுகத்தில் கழுத்து. அஸ்தம் பதின்மூன்றாவது, அதுவும் ஏறுமுகத்தில் கழுத்து.

மற்றப் பொருத்தங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. கணம் பொருந்தியது, யோனியில் பகை இல்லை, வேதை இல்லை, ராசிநாதர்களான சுக்கிரனும் புதனும் நண்பர்கள். ரோகிணியிலிருந்து அஸ்தம் பத்தாவது நட்சத்திரம் என்பதால் மகேந்திரமும் இருந்தது. தினம் மட்டும் இல்லை. அப்பா மனசு கேட்காமல் இன்னொருவரிடம் போனார். அவர், "மகேந்திரம் இருக்கு, அதிபதி நட்பு இருக்கு. ரஜ்ஜு நிவர்த்தி" என்று சொல்லி ஆவணியில் நாள் குறித்தார். வைத்தீஸ்வரன் கோயிலில் செவ்வாய்க்கு ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னார். அவர்தான் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியவர்.

முதல் பெரியவர் சொன்னதை அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். அவளுக்குத் தெரியக் கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அவளுக்குச் செய்த நன்மை என்றுதான் 13 ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

பென்சில் எழுத்துக்கு வருகிறேன். என்னுடைய பலனில் முதல் வரி: "2000 ஆடி முதல் 2016 வரை குரு தசை. பாக்கியாதிபதி ஐந்தில். புத்திர பாக்கியம் சீக்கிரம்." இதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாம் பிறந்த நட்சத்திரத்துக்குரிய கிரகத்தின் தசையில் வாழ்க்கை தொடங்குகிறது. அஸ்தத்துக்கும் ரோகிணிக்கும் சந்திரன். அந்த நட்சத்திரத்தில் சந்திரன் எவ்வளவு தூரம் கடந்துவிட்டதோ அந்த அளவு தசை கழிந்துபோக, மிச்சம்தான் இருப்பு. சந்திர தசை மொத்தம் 10 ஆண்டு. எனக்கு இருப்பு 4, அவளுக்கு ஏறக்குறைய 9. அதன்பின் செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19 என்று வரிசையாக ஓடும். கூட்டிப் பார்த்தால் எனக்கு 29 வயதில், கல்யாணமான அதே வருடம், குரு தசை பிறக்கிறது. கடக லக்னத்துக்கு ஒன்பதாம் அதிபதி குரு. அவர் பிள்ளைகளுக்குரிய ஐந்தாம் இடத்தில் இருக்கிறார். இதைவிட நல்ல அமைப்பு வேண்டுமா என்று யாரும் சொல்வார்கள்.

ஆறு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த ஆறு வருடமும் கேள்வி எல்லாம் அவளைத்தான் வந்து சேர்ந்தது. என் ஜாதகம் அவ்வளவு நன்றாக இருக்கும்போது குறை அவளிடம்தானே இருக்க வேண்டும் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். நான்காம் வருடத்தில் இருவரும் பரிசோதனைக்குப் போனோம். குறை என்னிடம். விதைப்பையில் நரம்பு புடைத்து உயிரணு எண்ணிக்கை குறைந்திருந்தது. வெரிகோசீல் என்றார்கள். சின்ன அறுவைச் சிகிச்சை, பிறகு ஒன்றரை வருடக் காத்திருப்பு. 2006-இல் மகள் பிறந்தாள். அந்தப் பரிசோதனை முடிவை வீட்டுப் பெரியவர்கள் நடுவே நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் அவள் எல்லோருடைய பேச்சையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்களில் முதல் இடம் இதுதான்.

பிறகு அந்த ஜோதிடரைப் பார்த்தபோது, ஐந்தில் குரு இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. புத்திர காரகனான குரு புத்திர ஸ்தானத்திலேயே உட்கார்ந்தால் அந்த இடத்தைக் கெடுப்பான் என்றும் ஒரு விதி உண்டு, காரகோ பாவ நாசம் என்பார்கள் என்றார். உண்மைதான், அப்படி ஒரு விதி இருக்கிறது. ஐந்தில் குரு நல்லது என்ற விதியும் இருக்கிறது. குழந்தை உடனே பிறந்திருந்தால் இரண்டாவது விதி பேசியிருக்கும், தாமதமானதால் முதலாவது பேசுகிறது. எது பேசும் என்பதை நடப்பதற்கு முன்னால் ஜாதகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? இந்தக் கேள்வியை அன்றிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவளுடைய ஜாதகத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். அவள் பிறந்தது நடுப்பகல். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆனபின் என்று மாமியார் சொல்வார். அதை 12.40 என்று எழுதி வைத்திருந்தார்கள். லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். அவள் பிறந்த நாளில் பன்னிரண்டரையை ஒட்டிக் கன்னி முடிந்து துலாம் தொடங்குகிறது. 12.40 என்றால் துலா லக்னம். சாப்பாட்டு மணியிலிருந்து ஒரு பத்து, பதினைந்து நிமிடம் முன்பின்னாக இருந்தால் கன்னி லக்னம்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன மாறும் என்று பாருங்கள். குரு அன்று மீனத்தில் இருந்தார். துலா லக்னம் என்றால் மீனம் ஆறாம் இடம். நோய், கடன், எதிரி. அந்த இடத்துக்கு அதிபதியும் குருவேதான். ஆகவே 2009 முதல் 2025 வரை அவளுக்கு நடக்கும் குரு தசைக்கு நோட்டில் எழுதியிருந்தது: "ரோகம், ருணம். கவனம்." கன்னி லக்னம் என்றால் அதே மீனம் ஏழாம் இடம், கணவனுக்குரியது. குரு சொந்த வீட்டில் கேந்திரத்தில் இருப்பதால் ஹம்ஸ யோகம் என்பார்கள். நல்ல கணவன், கௌரவம் என்று எழுதியிருப்பார்கள். கண்டிப்பானவராக இருந்தால் கன்னிக்கு ஏழாம் அதிபதி பாதகாதிபதி என்று ஒரு வரி சேர்த்திருப்பார். எப்படியானாலும் அதே பெண், அதே 16 வருடம், முற்றிலும் வேறு பலன். இதில் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்ற வழக்கு வேறு இருக்கிறது. இரண்டிலும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும். சந்தியில் பிறந்த குழந்தைக்கு நட்சத்திரமே மாறலாம், நட்சத்திரம் மாறினால் ரஜ்ஜுவும் தசையும் மாறிவிடும்.

என் மகள் பிறந்தபோது நேரத்தைத் துல்லியமாகக் குறித்துவிட வேண்டும் என்று வெளியிலேயே நின்றேன். சுவர்க் கடிகாரத்துக்கும் என் செல்போனுக்கும் நான்கு நிமிட வித்தியாசம். தலை வெளியே வந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "நாங்க குழந்தையைத் துடைச்சுட்டுத்தான் சார் மணியைப் பார்ப்போம்" என்றார். நவாம்ச லக்னம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறக்கூடியது.

இனி 2013. ஆடிப்பெருக்கு. எங்கள் பக்கத்தில் பெண்கள் அன்று தாலிக்கயிறு மாற்றுவார்கள். எங்கள் வீட்டில் புதுக்கயிற்றின் முடிச்சைப் பின்னால் நின்று நான்தான் போடுவேன், அம்மா காலத்து வழக்கம் அது. அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தலையைச் சற்று நிமிர்த்தி, முடியை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்திருந்தாள். மஞ்சள் ஈரம் காயாத கயிறு. முடிச்சுப் போடும்போது கண்ணாடியைப் பார்த்தேன். அவள் எச்சில் விழுங்கினாள். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வலது பக்கமாக, ஒரு நெல்லிக்காய் மேலே ஏறிக் கீழே இறங்கியது.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்றேன்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "மார்கழியிலேருந்து."

எட்டு மாதம். ரவிக்கைக் கழுத்தை ஏற்றித் தைத்துக்கொண்டு, பக்கத்தில் வரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எட்டு மாதம் மறைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். அன்று பதில் சொல்லவில்லை. விழுங்கும்போது கூடவே ஏறி இறங்கும் கட்டி தைராய்டு சுரப்பியைச் சேர்ந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்து, மெல்லிய ஊசியால் செல்லை எடுத்துப் பார்த்தார்கள். பாப்பிலரி வகைப் புற்றுநோய். மெதுவாக வளரக்கூடியது, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குணமாவது என்று சொன்னபின் எங்களுக்கு மூச்சு வந்தது. சுரப்பி முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "கழுத்து ரஜ்ஜுன்னு சொன்னாங்கல்ல. அதான் சொல்லலீங்க. சொன்னா ஜோசியர் சொன்னது பலிச்சிடுச்சுன்னு அத்தை நெனச்சுக்குவாங்க. நீங்களும் பயந்துடுவீங்க."

கல்யாணமான இரண்டாம் வருடமே ஓர் உறவுக்காரப் பெண் அவளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஆவணியும் கடந்தபின் நான் மனதுக்குள் ஒரு வருடம் ஆயிற்று என்று எண்ணியிருக்கிறேன். அவளும் எண்ணியிருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியாக. அந்தப் பெரியவரின் ஒற்றை வரி எங்கள் வீட்டில் உண்மையிலேயே செய்தது இதைத்தான். நோயை அது கொண்டுவரவில்லை, நோயைப் பேசவிடாமல் எட்டு மாதம் பிடித்து வைத்தது. கட்டி வேகமாக வளரும் வகையாக இருந்திருந்தால் அந்த எட்டு மாதம் என்ன செய்திருக்கும் என்பதை இன்றுவரை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செய்தி தெரிந்தவர்கள் எல்லோரும், "பார்த்தீங்களா, கழுத்து" என்றார்கள். கழுத்து ரஜ்ஜு என்றால் கழுத்தில் நோய் வரும் என்று எந்த ஜோதிடரும் சொல்வதில்லை. அது நட்சத்திரங்களை எண்ணுவதற்காக வரைந்த உடம்பின் ஒரு படி. பெரியவர் சொன்னது மரணத்தை, கட்டியை அல்ல. ஆனாலும் அந்த ஒற்றுமை என்னை விடவில்லை. கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 27 நட்சத்திரத்தில் பாதம், தொடை, வயிறு, கழுத்து ஒவ்வொன்றுக்கும் ஆறு, தலைக்கு மூன்று. ஜாதகமே பார்க்காமல் கல்யாணம் செய்துகொள்ளும் ஆயிரம் ஜோடிகளை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 210 ஜோடிக்கு ஏதோ ஒரு ரஜ்ஜு தட்டும். அதில் கழுத்து மட்டும் 50 ஜோடி. இருபதில் ஒன்று. காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள், ஜாதகம் பார்க்கும் வழக்கமே இல்லாதவர்கள், வெளிநாட்டுக்காரர்கள் என்று எங்கும் அதே கணக்கு. ஒவ்வொரு தெருவிலும் கழுத்து ரஜ்ஜுத் தம்பதி இருக்கிறார்கள், அவர்களுக்கு அது தெரியாது. தைராய்டு கட்டியோ பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருவது, கழுத்து ரஜ்ஜுவும் வயிற்று ரஜ்ஜுவும் பார்க்காமல் வருவது.

அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு விரல் நுனியெல்லாம் மரமரவென்று இருக்கிறது, உதட்டைச் சுற்றி ஏதோ ஊர்கிறது என்றாள். தைராய்டை ஒட்டியிருக்கும் சின்னச் சுரப்பிகள் அதிர்ந்துபோனால் ரத்தத்தில் கால்சியம் குறையும், இப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஓடிப் போய் நர்ஸைக் கூட்டி வந்தேன், ஊசி வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். இந்த முறை அவள் ஒரு நிமிடம்கூட மறைக்கவில்லை. பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்துச் சில நாள் தனி அறையில் வைத்திருந்தார்கள். ஏழு வயது மகள் பக்கத்தில் போகக் கூடாது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் வீட்டுக் கதை எல்லாம் சொல்வேன், அவள் உள்ளேயிருந்து கேட்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் மிக அதிகமாகப் பேசியது அந்த நாட்களில்தான். ரஜ்ஜு, அந்த எட்டு மாதம், குழந்தை இல்லாத காலத்தில் நான் வாய் திறக்காத எட்டு மாதம், எல்லாவற்றையும் பேசி முடித்தோம்.

நோட்டில் "ரோகம்" என்று எழுதியிருந்ததே, பலித்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். குரு தசை 16 வருடம். 16 வருடத்தில் நோயோ கடனோ எட்டிப் பார்க்காத வீடு எது? எங்களுக்கு இரண்டும் வந்தன. சிகிச்சைக்காக வாங்கிய கடன் ஐந்து வருடத்தில் அடைந்தது. அந்த 16 வருடத்தில் வந்த மற்றவை நோட்டில் இல்லை. அவள் 40 வயதில் தையல் வகுப்பு ஆரம்பித்தாள். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடமும் அவள்தான் குளிப்பாட்டித் தலைவாரி விட்டாள். கடைசி நாட்களில் அம்மா அவள் கழுத்துத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

இந்த ஆனியில் அவளுக்குக் குரு தசை முடிந்து சனி தசை தொடங்கியிருக்கிறது. துலா லக்னத்துக்குச் சனி யோகாதிபதி, ஒன்பதில் இருக்கிறார், இனி ராஜயோகம் என்கிறார் ஒருவர். இருவருக்கும் ஒரே நேரத்தில் சனி தசை, ஏக தசை ஆகாது, திருநள்ளாறு போய் வாருங்கள் என்கிறார் இன்னொருவர். அவளுக்குத் திருநள்ளாறு போக ஆசை. போகிறோம், அந்தக் குளமும் கோயிலும் அவளுக்குப் பிடிக்கும்.

தைராய்டு சுரப்பி இல்லாதவர்கள் ஆயுளுக்கும் மாத்திரை போட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன்பின் அரை மணி நேரமாவது காபி கூடாது. 12 வருடமாக ஐந்தரைக்கு அலாரம் வைத்து நான்தான் மாத்திரையும் தம்ளரும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவள் விழுங்கும்போது கழுத்தைப் பார்ப்பேன். வெளுத்துப்போன கோடு ஒன்று, தாலிக்கயிற்றுக்குச் சற்று மேலே, ஏறி இறங்கும். பிறகு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து ஆறு மணி ஆகக் காத்திருப்போம். திருமண நாளன்றும் அப்படித்தான். கடிதத்தை அங்கேயே படித்து முடித்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மணி ஆறு ஆகவும் காபி போட எழுந்துபோனேன்.